வோட்டர் ஹீட்டர் பூட்டும்போது உடைந்த சுவர் டைல்ஸ்: விற்றவரிடம் இழப்பீடு கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் டைல்ஸ் வேலைகளை மேற்பார்வை செய்யும் எனக்கு, குளியலறைச் சுவர் வெடித்த பின்னர் வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களே எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன்.

ஹீட்டர் பூட்ட வந்த பொடியன் மூண்டு டைல்ஸை வெடிக்க வைச்சிட்டான். சாமான் வித்த கடைக்காரரிட்டக் காசு கேக்கலாமோ?

கேட்கலாம். ஆனால் பூட்டித் தருவதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரராக இருக்க வேண்டும். பூட்டும் வேலை விற்பனையோடு சேர்த்துத் தரப்பட்டிருந்தால், அதுவும் அவர் உங்களுக்கு வழங்கிய சேவையே ஆகும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வியாபாரமாக ஒரு சேவையை வழங்குபவர் அதை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. பொருளுக்கான உத்தரவாத அட்டை ஹீட்டரின் பழுதை மட்டுமே பற்றியது. நீங்கள் கேட்பது வேலை செய்த விதத்தினால் உங்கள் சுவருக்கு வந்த சேதத்துக்கான செலவு. இந்த இரண்டையும் கலந்து பேசத் தொடங்கினால், “சாமானில பிழை இல்லைத்தானே” என்ற ஒரு வரியில் கடைக்காரர் உங்களை அனுப்பிவிடுவார்.

“அவன் எங்கட ஆள் இல்லை, வெளியில இருந்து கூப்பிடுற ஆள். அவனோட கதையுங்கோ” எண்டு சொல்லுறாரே?

அதிகம் சொல்லப்படும் பதில் இதுதான், பலரைப் பின்வாங்க வைப்பதும் இதுதான். தொழிலாளி கடையின் சம்பளக்காரராக இருந்தால், வேலை நேரத்தில் அவருடைய கவனக்குறைவால் ஏற்பட்ட சேதத்துக்கு முதலாளியும் பொறுப்பாவார். அவர் சம்பளக்காரர் அல்லாமல் அவ்வப்போது அழைக்கப்படும் ஒருவர் என்றால் அந்த வழி பலவீனமாகலாம்; ஆனால் ஒப்பந்த வழி அப்படியே இருக்கிறது. பூட்டித் தருகிறேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டவர் அந்த வேலையை யாரைக் கொண்டு செய்வித்தார் என்பது அவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையிலான விடயம்.

ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது, வாக்குக் கொடுத்தவர் யார் என்பதையே. பற்றுச்சீட்டில் “பூட்டுக்கூலி உட்பட” என்றோ “இலவசமாகப் பூட்டித் தரப்படும்” என்றோ எழுதியிருக்கிறதா? பூட்டுக்கூலியைக் கடையில் செலுத்தினீர்களா? ஆள் எப்போது வருவார் என்று உங்களுக்கு அறிவித்தது கடையா? கடையிலிருந்து வந்த குறுஞ்செய்தியோ வட்ஸ்அப் குரல்பதிவோ இருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். “இலவசம்” என்பதாலும் பொறுப்பு நீங்கிவிடாது. அந்த இலவசத்தைச் சொல்லித்தான் பொருளை விற்றிருக்கிறார்கள். கடை விற்க, நிறுவனத்தின் முகவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து பூட்டியிருந்தால், கடிதத்தை இருவருக்கும் முகவரியிடுங்கள்; யார் செலுத்துவது என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

கடையில ஒரு நம்பர் தந்தவை. நான்தான் கோல் எடுத்து, வந்தவரின்ர கையில காசு குடுத்தனான். அப்பவும் கடைதான் பொறுப்போ?

பெரும்பாலும் இல்லை. அங்கே வேலை ஒப்பந்தம் உங்களுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையில்தான் ஏற்பட்டிருக்கிறது. கடை அறிமுகம் செய்ததோடு நின்றுவிட்டது. கோரிக்கையைத் தொழிலாளியிடமே வையுங்கள். கீழே சேதத்தைப் பதிவுசெய்வது பற்றியும் தொகையைக் கணக்கிடுவது பற்றியும் சொல்லியிருப்பவை அதற்கும் அப்படியே பொருந்தும்.

டைல் வெடிச்சதைக் கண்ட உடனே என்ன செய்ய வேணும்?

முதலில் பாதுகாப்பு. ஹீட்டருக்கான மின்சாரத்தை அணைத்துவிட்டு, துளையைச் சுற்றியோ வெடிப்பின் கீழோ ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயைத் துறப்பணம் தொட்டிருந்தால் டைலின் பின்னால் தண்ணீர் இறங்கத் தொடங்கும். அது மின் இணைப்புப் பெட்டியை நோக்கிப் போகுமானால் உயிராபத்து. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதை மறுபடி மறுபடி தூக்கிப் போடாமல், மின்னியலாளர் ஒருவரை அழையுங்கள்.

அடுத்தது பதிவு. தொழிலாளி வீட்டை விட்டுப் போகும் முன்னரே முழுச் சுவரும் தெரியும்படி ஒரு படமும், ஒவ்வொரு வெடிப்புக்கும் கிட்டத்தில் ஒரு படமும் எடுங்கள். கிட்டத்துப் படத்தில் அளவுநாடா ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் வெடிப்பின் நீளம் பின்னர் சர்ச்சைக்குள்ளாகாது. வேலை முடிந்ததற்காக உங்களிடம் ஒப்பம் கேட்கும் தாள் இருந்தால், அதிலேயே “பூட்டும்போது மூன்று டைல்ஸ் வெடித்தன” என்று எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். தொழிலாளியையும் ஒப்பமிடச் சொல்லலாம். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஏசுவதும் அவருடைய ஆயுதங்களைப் பிடித்து வைப்பதும் உங்கள் நியாயத்தையே கெடுக்கும். பிறகு அன்றே கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, அதையே எழுத்துச் செய்தியாகவும் படங்களுடன் அனுப்புங்கள். கடைக்காரர் ஒருமுறை வந்து பார்க்கும் வரைக்கும் வெடிப்பை வெள்ளைச் சீமெந்தால் பூசி மறைக்காதீர்கள்.

“உங்கட மேசன் ஒட்டின விதம் பிழை. டைல் முதலே வெடிச்சிருந்தது” எண்டு சொன்னால் எப்பிடி மறுக்கிறது?

இதற்குச் சுவரே சாட்சி சொல்லும், பார்க்கத் தெரிந்தால். துறப்பணத்தால் வந்த வெடிப்பு துளையின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, டைலின் அருகிலுள்ள ஓரத்தையோ மூலையையோ நோக்கி ஓடும். துளையைச் சுற்றிப் பளபளப்புப் பூச்சு செதில் செதிலாகத் தெறித்திருக்கும். புதிய வெடிப்பின் உட்பக்கம் துப்பரவாக, களிமண்ணின் இயல்பான நிறத்தில் இருக்கும். பழைய வெடிப்புக்குள்ளோ சவர்க்காரப் படிவும் அழுக்கும் புகுந்து கருங்கோடாகியிருக்கும். பூச்சில் மட்டும் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் பரவியிருந்தால் அது டைலின் வயதாலும் தயாரிப்பாலும் வருவது. அதற்குத் தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது.

எப்படி உடைந்தது என்பதையும் ஊகிக்கலாம். சுவரில் ஒட்டும் சாதாரண டைலை, துறப்பணம் அடித்து அடித்துத் துளைக்கும் சம்மட்டி முறையை நிறுத்தி, டைலுக்குரிய கூரான முனையால், அழுத்தாமல், மெதுவாகத் துளைக்க வேண்டும். டைலைத் தாண்டிச் சுவரை அடைந்த பின்னர்தான் சீமெந்துக்குரிய முனையையும் சம்மட்டி முறையையும் பயன்படுத்தலாம். அவசரத்தில் முதலிலிருந்தே சம்மட்டி முறையில் அடித்தால் பூச்சுத் தெறிக்கும். டைலின் ஓரத்துக்கு மிக அருகில் துளைத்தாலும் வெடிக்கும். மூன்றாவது காரணம் அதிகம் கவனிக்கப்படாதது. விரியும் போல்ட் சுவருக்குள் ஆழமாக இறங்காமல் டைலின் தடிப்புக்குள்ளேயே நின்றுவிட்டால், அதை முறுக்கும்போது டைலுக்குள் விரிந்து அதைப் பிளக்கும். வெடிப்பு துளைக்கும்போது வராமல், போல்ட்டை இறுக்கும்போது “டக்” என்ற ஒலியுடன் வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மேசன் வேலை பற்றிய குற்றச்சாட்டில் சில வேளைகளில் உண்மை இருக்கும். அதை நேர்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்தால் டைலைத் தட்டினால், முழுதும் சாந்து பிடித்த இடத்தில் ஒலி கெட்டியாகவும் பின்னால் வெற்றிடம் உள்ள இடத்தில் ஓட்டையாகவும் கேட்கும். டைலின் நடுவில் மட்டும் சாந்தைக் குவித்து அமத்தி ஒட்டிய சுவர்களில் மூலைகள் எல்லாம் வெறுமையாக இருக்கும். அப்படியிருந்தால் கடைக்காரர் தொகையைக் குறைத்துக் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் தட்டிப் பார்த்து வெறுமையை அறிவதும், அந்த இடத்தில் துளைப்பது ஆபத்து என்று வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்வதும் திறமையான தொழிலாளியின் வேலைதான். சொல்லாமல் துளைத்தவர் முழுப் பழியையும் மேசன் மீது போட முடியாது.

எவ்வளவு காசு கேக்கலாம்?

சுவரைச் சேதத்துக்கு முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் நியாயமான செலவைக் கேட்கலாம். டைலின் விலை அதில் ஒரு சிறு பகுதியே. அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த பின்னர்தான் கூலி அதைவிடப் பலமடங்கு என்று பலர் உணர்கிறார்கள். ஏன் அவ்வளவு என்றால், ஹீட்டரைக் கழற்ற வேண்டும். சுற்றியுள்ள இணைப்புச் சாந்தைச் சுரண்டி எடுத்து, வெடித்த டைலை நடுவிலிருந்து உடைத்து, பக்கத்து டைல் பிளக்காமல் வெளியே எடுக்க வேண்டும். பழைய சாந்தைச் செதுக்கிய பின்னர் புதியதை ஒட்டி, ஒரு நாளாவது காயவிட்டு, இணைப்புகளை அடைத்து, ஹீட்டரை மீண்டும் பூட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காகவே, உங்கள் ஊர் விலையை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். துளைகள் விழுந்த இரண்டு டைல்ஸும் பக்கத்தில் ஒன்றும் வெடித்திருக்கின்றன. கடையில் பெட்டியாகத்தான் தருவார்கள், ஒரு பெட்டி 3,600 ரூபாய். ஒட்டும் சாந்து 1,800, இணைப்புச் சாந்து 400, மேசன் கூலி 4,500, உதவியாள் கூலி 3,000, ஹீட்டரைக் கழற்றி மீண்டும் பூட்ட 3,500, ஏற்றுகூலி 700. எல்லாம் சேர்த்து 17,500 ரூபாய் ஆகிறது. உங்கள் வீட்டில் கட்டும்போது மிஞ்சிய டைல்ஸ் இருந்தால் 3,600 ஐக் கழித்து 13,900 கேளுங்கள். வீட்டில் இருப்பதை மறைத்துப் புதிய பெட்டிக்குக் காசு கேட்பது, பின்னர் தெரியவரும்போது உங்கள் மற்றக் கணக்கையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

இந்தக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுப்பதைவிட, வேலை செய்யும் மேசன் ஒருவரிடம் பெயர், தொலைபேசி இலக்கம், ஒப்பத்துடன் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பேரிடம் வாங்கினால் இன்னும் நல்லது.

அந்த டிசைன் இப்ப கடையில இல்லை. முழுச் சுவரையும் மாத்தித் தரச் சொல்லலாமோ?

உடனே அந்தக் கோரிக்கையோடு போகாதீர்கள். முதலில் தேடியதைக் காட்ட வேண்டும். டைல் பெட்டியின் பக்கத்தில் நிறத் தொகுதியும் அளவுத் தொகுதியும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி மட்டையோ பழைய பற்றுச்சீட்டோ இருந்தால், வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள கடைகளில் அதை வைத்துக் கேளுங்கள். டிசைன் ஒன்றாக இருந்தும் தொகுதி மாறினால் நிறம் சற்று வேறுபடும், அளவும் ஓரிரு மில்லிமீற்றர் மாறும்.

கிடைக்காவிட்டால், ஹீட்டருக்குப் பின்னாலும் கீழும் உள்ள வரிசையை முழுவதும் பொருத்தமான வேறு நிறத்தில் பட்டியாக மாற்றுவது நடைமுறையில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தீர்வு. மூன்று டைலுக்காக நான்கு சுவரையும் புதிதாக்கிக் கேட்டால், சேதத்துக்கு மேலான இலாபம் என்று அது நிராகரிக்கப்படலாம். வெடிப்பு பார்வைக்கு நேரே விழுகின்ற, எந்தப் பட்டியாலும் மறைக்க முடியாத சுவராயின், அந்த ஒரு சுவருக்கு மட்டும் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. அதற்கான படமும் கடைகளில் தேடிய விபரமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைக்காரர் காசு தரமாட்டாராம், தானே ஆள் விட்டுச் செய்து தாறாராம். ஒத்துக்கொள்ளலாமோ?

ஒத்துக்கொள்வது பெரும்பாலும் நல்லது; நியாயமான திருத்தத்தைக் காரணமின்றி மறுத்தால் பின்னர் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசப்படும். ஆனால் எந்த டைல், எந்தத் திகதிக்குள், பக்கத்து டைல் உடைந்தால் அதற்கும் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள். துளையிட்ட அதே தொழிலாளியை டைல் ஒட்டவும் அனுப்பினால், டைல் வேலை தெரிந்த மேசனைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதே என் கருத்து. வெடிப்பைப் பசையால் நிரப்பி நிறம் பூசுவதைத் திருத்தமாக ஏற்க வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் படுகின்ற இடத்தில் அது நிலைக்காது.

கடிதம் எப்பிடி எழுதுறது?

சுருக்கமாக, கோபமில்லாமல், தொகையும் காலக்கெடுவும் தெளிவாக இருக்கும்படி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்திருங்கள். கீழே உள்ளதை உங்கள் விபரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிலையத்தில் 03.03.2025 அன்று வாங்கிய வோட்டர் ஹீட்டரை, விற்பனையின்போது ஒப்புக்கொண்டபடி தாங்கள் அனுப்பிய தொழிலாளி 06.03.2025 அன்று எனது வீட்டில் பூட்டினார். அவ்வேளை துளையிட்டதில் குளியலறைச் சுவரின் மூன்று டைல்ஸ் வெடித்தன. அன்றே தங்களுக்குத் தொலைபேசியிலும் படங்களுடனும் அறிவித்தேன். திருத்தச் செலவு 17,500 ரூபாய் என மேசன் தந்த மதிப்பீட்டை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் அத்தொகையைச் செலுத்துமாறு, அல்லது தகுதியான மேசனைக் கொண்டு திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன் என்பதை அறியத்தருகிறேன்.”

பற்றுச்சீட்டின் பிரதியையே இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பில்லின்ர பின்பக்கத்தில “பூட்டும்போது ஏற்படும் சேதங்களுக்கு நாம் பொறுப்பல்ல” எண்டு அடிச்சிருக்கு. எல்லாம் போச்சோ?

போகவில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், கவனக்குறைவால் வரும் இழப்புக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்கள் நியாயமானவையா என்று பார்க்கச் சொல்கிறது. காசைச் செலுத்திய பின்னர் கையில் தரப்பட்ட சீட்டின் பின்புறத்தில், யாரும் வாசித்துக் காட்டாத வரி நியாயமானது என்று வாதிடுவது கடினம். ஆனால் டைல்ஸ் வெற்றிடமாக ஒலிக்கின்றன, உடையலாம் என்று தொழிலாளி துளைக்கும் முன்னரே சொல்லி, “பரவாயில்லை, துளையுங்கோ” என்று நீங்களும் சம்மதித்திருந்தால் நிலைமை வேறு. அச்சடித்த வரியைவிட அந்தச் சம்மதம்தான் உங்களைப் பாதிக்கும்.

கடிதத்துக்குப் பதிலே இல்லை. எங்க போறது?

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்பதை மறவாதீர்கள். மேலேயுள்ள உதாரணத்தில் ஜூன் மாதத் தொடக்கத்தோடு காலம் முடிந்துவிடும். கடைக்காரர் “அடுத்த கிழமை பாப்பம்” என்று இழுத்துக்கொண்டே போகும் நாட்களும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் கழிகின்றன. 1977 என்ற இலக்கத்தில் வழிகாட்டல் கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுங்கள். விசாரணையின் பின்னர் இழப்பீடு செலுத்துமாறு வியாபாரிக்கு உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

மற்ற வழி உங்கள் பிரதேசத்தின் மத்தியஸ்த சபை. இது போன்ற சிறு தொகைப் பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாயின், முதலில் அங்கே சென்று, இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே படங்களையும் மேசனின் மதிப்பீட்டையும் மேசையில் வைத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான டைல்ஸ் பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே பாதித் தொகைக்கோ முக்கால் தொகைக்கோ முடிவது வழமை. கடை இருப்பதும் நீங்கள் இருப்பதும் ஒரே ஊரென்றால், அப்படி முடிப்பதை நான் தோல்வியாக நினைப்பதில்லை.

தவணைக்கு எடுத்தது. காசு தரும் வரைக்கும் மாதக் கட்டுக்காசை நிப்பாட்டலாமோ?

வேண்டாம். தவணைக்காசு பெரும்பாலும் நிதி நிறுவனம் ஒன்றுக்குப் போகிறது. அந்த ஒப்பந்தம் வேறு, உங்கள் சுவர் வேறு. நிறுத்தினால் வட்டியும் தண்டமும் ஏறும், பொருளையும் எடுத்துக்கொண்டு போவார்கள். தவணையைக் கடையே நேரடியாக வாங்கினாலும், தொகையைக் கழித்துக்கொள்ள எழுத்தில் அவருடைய சம்மதம் பெற்ற பின்னரே கழியுங்கள்.

பூட்டி ஆறு மாதத்துக்குப் பிறகு பக்கத்து அறைச் சுவரில ஈரம் தெரியுது. இப்பக் கேட்டு வேலை இருக்கோ?

இருக்கிறது, ஆனால் கடினம். மேலே சொன்ன மூன்று மாதம் கடந்துவிட்டதால் அதிகார சபை வழி அடைபட்டிருக்கும். மத்தியஸ்த சபை வழியும் நீதிமன்ற வழியும் திறந்தே இருக்கின்றன: கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு இரண்டு ஆண்டுகள், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் என்பது காலாவதிச் சட்டத்தின் பொதுவான எல்லை.

காலத்தைவிடக் காரணத்தைக் காட்டுவதே இங்கு சிரமம். ஈரம் துளையிட்ட உயரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியிருக்கிறதா, தரையிலிருந்து மேலேறுகிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து ஏறுவது ஹீட்டரோடு சம்பந்தமில்லாதது. பிறகு ஹீட்டருக்கான வால்வை ஓரிரவு மூடி வைத்து, தண்ணீர் மானியின் இலக்கம் அசைகிறதா என்று கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தாங்கியில் ஏற்றும் வீடென்றால் தாங்கியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். வால்வு மூடியிருக்கும்போது ஈரம் காயத் தொடங்கி, திறந்ததும் திரும்பினால் கசிவு ஹீட்டருக்குப் போகும் குழாயிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. குழாய் வேலை தெரிந்த ஒருவரை வைத்துத் துளையிட்ட இடத்தைத் திறந்து பார்ப்பதாயின், எந்த நாளில் திறக்கிறீர்கள் என்பதைக் கடைக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, அவரையோ அவருடைய ஆளையோ வரச்சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும், அறிவித்த கடிதத்தின் பிரதியும் திறக்கும்போது எடுத்த படங்களும் உங்களிடம் இருக்கும்.